மோல் வரைபடம்: ஒரு பாடத்தை ஒரு பக்கத்தில் வரைவது

கேள்வி: வேதிவினைக்கூறு விகிதப் பாடக் குறிப்பை நிறை, மோல், துகள், வாயுக் கனஅளவு நான்கையும் இணைக்கும் ஒரே படமாக எப்படி மாற்றுவது?

மோலை நடுவில் எழுதி, மற்ற மூன்றையும் சுற்றி வையுங்கள். நிறைக்குப் போகும் கோட்டில் மோலார் நிறை, துகளுக்கு 6.022 × 10²³, வாயுக் கனஅளவுக்கு 22.4 லிட்டர். மோலிலிருந்து வெளியே போனால் பெருக்கல், மோலுக்குள் வந்தால் வகுத்தல்.

இது ஒரு பொருளுக்கான படம்தான். வினை என்று வந்தால் இதே படத்தை இரண்டு முறை வரைய வேண்டும். இரண்டையும் இணைக்க ஒரே பாலம், அதுவும் மோலுக்கும் மோலுக்கும் இடையில் மட்டும். சமன்செய்த சமன்பாட்டின் குணகங்கள் அந்தப் பாலத்தின் மேல் இருக்கட்டும். பெரும்பாலான குறிப்புகளில் விடுபடுவது இந்தப் பாலம்தான்.

2KClO₃ → 2KCl + 3O₂ வினையில் 24.5 கிராம் KClO₃ முழுதும் சிதைந்தால் எவ்வளவு ஆக்சிஜன் வரும்? 24.5-ஐ KClO₃-இன் மோலார் நிறையான 122.5-ஆல் வகுத்தால் 0.2 மோல். பாலத்தில் 3/2-ஆல் பெருக்க, 0.3 மோல் O₂. அப்புறம் 22.4-ஆல் பெருக்கினால் 6.72 லிட்டர். உங்களுக்கு 4.48 வந்தால் பாலத்தைத் தாண்டாமல் குதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். துகள் கேட்டால் அதே 0.3 மோலிலிருந்து கோட்டை மாற்றுங்கள்: சுமார் 1.81 × 10²³ மூலக்கூறுகள். அணுக்கள் வேண்டுமென்றால் அதன் இரு மடங்கு.

22.4 கோட்டின் மேல் "வாயு மட்டும், 0 °C, 1 atm" என்று கட்டாயம் எழுதுங்கள். அழுத்தம் 1 bar என்றால் அது 22.7 ஆகும். நீர் திரவமாக இருக்கும்போது அந்தக் கோடே கிடையாது.