கூட்டத்துக்கு வராதவருக்கும் விளங்கும் நடவடிக்கைக் குறிப்பு: கேள்வி பதில்

கேள்வி: குடியிருப்போர் நலச்சங்கத்தின் புதிய செயலாளர் நான். "மேல்நிலைத் தொட்டிக் கசிவு குறித்து விவாதித்து, ஆவன செய்ய முடிவெடுக்கப்பட்டது" என்று எழுதினேன். கூட்டத்துக்கு வராத இருவர் ஒன்றும் புரியவில்லை என்கிறார்கள், ஐயா.

பதில்: அவர்கள் சொல்வது நியாயமே. யார் செய்வார், எந்த நாளுக்குள், எவ்வளவு செலவில் என்ற மூன்றுக்கும் அந்த வாக்கியத்தில் விடை இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "தீர்மானம் 3: தொட்டிக் கசிவை அடைக்க 40,000 ரூபாய்க்கு மிகாமல் செலவிடலாம். பொருளாளர் ஜூன் 10-க்குள் மூன்று விலைப்புள்ளிகள் பெறுவார். வரம்புக்குள் இருந்தால் தலைவரே ஒப்புதல் தரலாம். மீறினால் மட்டும் குழுவுக்கு வரும்." கடைசி வாக்கியத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விஷயம் முடிந்துவிட்டதா, மீண்டும் குழுவின் முன் வருமா என்பதுதான் வராதவருக்கு எழும் முதல் ஐயம். பொறுப்பை "குழு" என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள்; ஒருவரையே குறிப்பிடுங்கள்.

கேள்வி: பேசியதையெல்லாம் எழுதினால்தானே வராதவருக்கு விளங்கும்? கைப்பேசியில் பதிவு செய்து அப்படியே எழுதுகிறேன். ஆறு பக்கம் வருகிறது.

பதில்: காரணமும் தெரிய வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரி, அதற்கு ஆறு பக்கம் தேவையில்லை. "புதிய தொட்டி கட்டும் யோசனை, செலவு அதிகம் என்பதால் ஏற்கப்படவில்லை" என்று கைவிட்ட யோசனையையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதினால், அடுத்த கூட்டத்தில் அதே வாதம் மீண்டும் எழாது. யார் யாரை மறுத்துப் பேசினார் என்பது வேண்டாம். ஒருவர் தம் எதிர்ப்பைப் பதிவு செய்யக் கேட்டால் மட்டும் பெயருடன் எழுதுங்கள்.

கேள்வி: நான் ஊரில் இல்லாதபோது தோட்டப் பராமரிப்பை என் பெயரில் எழுதிவிட்டார்கள். நான் மறுக்கலாமா?

பதில்: அம்மா, மறுக்கலாமா என்பதை உங்கள் சங்க விதிகளில்தான் பார்க்க வேண்டும். ஆனால் குறிப்பு எழுதியவர், "இவரது இசைவு பெறப்பட வேண்டும்; அதுவரை துணைச் செயலாளர் கவனிப்பார்" என்று சேர்த்திருக்க வேண்டும். இசைவைக் கேட்காமல் எழுதிய பெயரை நம்பி மற்றவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள், வேலை நின்றுபோகும். செயலாளருக்கு இன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: சுற்றுக்கு விட்ட குறிப்பில் தேதி தவறு. ஒயிட்னர் பூசித் திருத்தலாமா?

பதில்: வேண்டாம். பழைய தேதி படிக்கும்படி ஒரு கோடு மட்டும் இட்டு, சரியான தேதியை எழுதி, தலைவரும் செயலாளரும் சுருக்கொப்பம் இடட்டும். அடுத்த கூட்டத்தில் முந்தைய குறிப்பை உறுதிசெய்யும்போது இத்திருத்தத்தையும் பதிவு செய்யுங்கள். முதல் பிரதியை வாங்கியவர்களுக்கு உடனே தெரிவிப்பதும் அவசியம், ஏனெனில் பழைய தேதியை நம்பித்தான் அவர்கள் காத்திருப்பார்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் எடுத்த முடிவையும் குறிப்பேட்டில் ஏற்றலாமா?

பதில்: இதில் சங்கத்துக்குச் சங்கம் வழக்கம் வேறுபடுகிறது. அடுத்த கூட்டத்தில் முன்வைத்து ஒப்புதல் பெற்று, அந்தக் கூட்டத்தின் தீர்மானமாக எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அவசரச் செலவு இடையிலேயே நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதை உங்கள் விதிகள் சொல்லாவிடில், அதைப் பொதுக்குழுவில்தான் முடிவு செய்ய வேண்டும்.