சிக்கிள் செல் டிரெய்ட் உள்ளவருக்கு வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வருமா?

கேள்வி: எனக்கு சிக்கிள் செல் டிரெய்ட் மட்டும்தான், நோய் இல்லை. மூன்று நாளாக சிறுநீர் சிவப்பாகப் போகிறது, துளி வலி கூட இல்லை. டிரெய்ட் இருந்தால் ஒன்றும் செய்யாது என்றுதானே சொன்னார்கள்? இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்:

வரும். இரவில் எழுவதற்கும் இதற்கும் சம்பந்தமும் உண்டு. இரண்டும் சிறுநீரகத்தின் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. நான் மருத்துவ ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எனக்கும் டிரெய்ட்தான், தம்பிக்கு முழு நோய். 27 வயதில் எனக்கும் இதே மாதிரி ரத்தம் போனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிரெய்ட் என்றால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் சிக்கிள் மரபணு வந்திருக்கிறது என்று பொருள். இவர்களின் ஒவ்வொரு சிவப்பணுவிலும் நல்ல ஹீமோகுளோபினும் எஸ் வகை ஹீமோகுளோபினும் கலந்தே இருக்கின்றன. எஸ் பங்கு பாதிக்கும் கீழே, பெரும்பாலும் 35 முதல் 40 சதவீதம். என்னுடையது 37. உடம்பில் மற்ற இடங்களில் வழக்கமாக நல்லது மற்றதை அடக்கி வைத்திருக்கிறது, அணுக்கள் அரிவாள் வடிவத்துக்கு வளைவதில்லை. 'ஒன்றும் செய்யாது' என்று அவர்கள் சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆனால் சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லா அப்படிப்பட்ட இடம் அல்ல.

சிறுநீரைக் கெட்டியாக்கி தண்ணீரை உடம்புக்கே திருப்பித் தருவது மெடுல்லாவின் வேலை. அதற்காக அது தன்னைச் சுற்றி உப்பையும் யூரியாவையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதன் ஆழத்தில் கரைபொருள் அடர்த்தி ரத்தத்தில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு வரை போகும். அந்த ஆழத்துக்குள் வாசா ரெக்டா என்ற மெல்லிய ரத்தக் குழாய்கள் கொண்டை ஊசிபோல் இறங்கி, வளைந்து, ஏறுகின்றன. சேர்த்த உப்பை அடித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதால் அங்கே ரத்தம் மெதுவாகத்தான் ஓடும். ஆக்சிஜனும் மிகக் குறைவு. சிறுநீரகத்தின் வெளிப்பகுதியில் ஆக்சிஜன் அழுத்தம் பாதரச அளவில் 50 மில்லிமீட்டர் இருந்தால், உள்ளே 10 முதல் 20 வரைதான். அமிலத்தன்மையும் கூடுதல்.

அங்கே போகும் சிவப்பணுவை நினைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள உப்பு அதன் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. அணு சுருங்க, உள்ளே ஹீமோகுளோபின் நெருக்கமாகிறது. எஸ் வகை ஹீமோகுளோபின் கொஞ்சம் நெருங்கினாலே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வேகம் பல மடங்கு ஏறிவிடும். ஆக்சிஜன் இல்லை, ஓட்டமும் மெதுவு. மற்ற இடங்களில் எந்தத் தொல்லையும் தராத டிரெய்ட் அணு கூட இங்கே வளைகிறது. வளைந்த அணுக்கள் மெல்லிய குழாயை அடைக்கின்றன, அடைபட்ட இடம் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. 1970-இல் இந்தக் குழாய்களை எக்ஸ்ரேயில் தெரியும்படி செய்து பார்த்த ஆய்வாளர்கள், நோய் உள்ளவர்களின் சிறுநீரகத்தில் வாசா ரெக்டா ஏறக்குறைய காணாமலே போயிருப்பதையும், டிரெய்ட் உள்ளவர்களில் எண்ணிக்கை குறைந்து உருக்குலைந்திருப்பதையும் பார்த்தார்கள்.

இந்தக் குழாய்கள் போனால் உப்பின் அடுக்கும் நிற்காது. அதன் விளைவு சிறுநீரைக் கெட்டியாக்க முடியாமல் போவது. நல்ல சிறுநீரகம் ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காவிட்டால் கரைபொருள் அடர்த்தியின் அலகில் 900 முதல் 1200 மில்லி ஆஸ்மோல் வரை கெட்டியாக்கும். என் தம்பியைப்போல் நோய் உள்ளவர்களுக்கு எவ்வளவு தாகத்தில் விட்டாலும் 400, 450-க்கு மேல் ஏறாது. டிரெய்டில் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. எஸ் பங்கு கூடுதலாக இருப்பவர்களுக்குக் குறைபாடும் கூடுதல். ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் ஆல்ஃபா தலசீமியா என்ற பரம்பரைக் குறையும் சேர்ந்திருப்பவர்களுக்கு எஸ் பங்கு குறைவு என்பதால் குறைபாடும் குறைவு. நீங்கள் இரவில் எழுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அதுவும் இதே மாதிரிதான் இருக்கும்.

தம்பி பதின்மூன்று வயது வரை படுக்கையை நனைத்தான். வீட்டில் எல்லோரும் திட்டினோம், நானும் திட்டினேன். இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. அவன் சிறுநீரகம் விடியும்வரை தண்ணீரை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. படுக்கை நனைக்கும் பிள்ளைகளுக்குப் பொதுவாகத் தரும் டெஸ்மோபிரசின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தோம், பெரிதாகப் பலன் இல்லை. அது நியாயம்தான். 'தண்ணீரை நிறுத்து' என்று சொல்லும் ஹார்மோன் அவனிடம் ஏற்கெனவே சரியாகவே இருக்கிறது, கேட்டு நடக்க வேண்டிய மெடுல்லாதான் இல்லை. நோய் உள்ள சிறு குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றினால் இந்தத் திறன் ஓரளவு திரும்பும். பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிவிட்டால் திரும்பாது.

இப்போது ரத்தத்துக்கு வருகிறேன். மெடுல்லாவின் நுனியைப் பாப்பில்லா என்பார்கள். சிறுநீர் சொட்டி இறங்கும் கூம்பு முனை அது. அடைபட்ட குழாய்க்குப் பின்னால் ரத்தம் தேங்கி, மெல்லிய சுவர் கசியும். சில நேரம் பாப்பில்லாவின் ஒரு துண்டே ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போகும். இரண்டிலும் ரத்தம் நேராகச் சிறுநீர்ப் பாதையில் இறங்குகிறது. கல் அடைக்கும்போது குழாய் விரிந்து வலிக்கிறது. இங்கே எதுவும் அடைபடாததால் வலி இல்லை. கட்டியான ரத்தமோ செத்த துண்டோ குழாயில் மாட்டிக்கொண்டால் மட்டும் கல் வலி மாதிரியே பிடுங்கி எடுக்கும்.

ஐந்தில் நான்கு பேருக்கு ரத்தம் வருவது இடது சிறுநீரகத்திலிருந்து. இடது பக்கச் சிரை நீளமானது, மகா தமனிக்கும் அதிலிருந்து கிளம்பும் குடல் தமனிக்கும் நடுவே நுழைந்துதான் வர வேண்டும். அங்கே நசுங்குவதால் பின்னால் அழுத்தம் கூடுகிறது, ஏற்கெனவே மெதுவாக ஓடும் ரத்தம் இன்னும் தேங்குகிறது.

எனக்கு நடந்தது இது. ஒரு காலையில் சிறுநீர் பளிச்சென்ற சிவப்பு. காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை. முதலில் பார்த்தவர் கிருமித் தொற்று என்று ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதினார், டிரெய்ட் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் புழுப்போன்ற மெல்லிய நீள ரத்தக்கட்டிகள் விழுந்தன. சிறுநீர்க்குழாயின் வடிவத்திலேயே உறையும் கட்டிகள் அப்படித்தான் இருக்கும். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

மாதிரியை நானே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். களம் முழுக்கச் சிவப்பணுக்கள், எல்லாம் உருண்டையாக, உருக்குலையாமல். சிறுநீரக நுண்குழாயின் அச்சாக உறைந்து வரும், அணுக்கள் ஒட்டிய உருளைகள் ஒன்றுகூட இல்லை. இது முக்கியம். வடிகட்டும் பகுதியான குளோமெருலஸில் அழற்சி வந்து ரத்தம் கசிந்தால் அணுக்கள் பிய்ந்தும் முகடுவிட்டும் இருக்கும், உருளைகள் தெரியும், சிறுநீர் கோலா நிறத்தில் இருக்கும், கட்டி விழாது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டையில் புரதம் காட்டினாலும் அவசரப்பட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் அளவு ரத்தம் இருந்தால் அந்த ரத்தமே புரதமாகக் காட்டும். நின்றபின் மறுபடி பார்க்க வேண்டும். எனக்கு அப்போது புரதம் இல்லை. கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை.

பிறகு ஒரு சிறுநீரக மருத்துவரிடம் போனேன். அல்ட்ராசவுண்ட் சுத்தமாக இருந்தது. "இது போதாது, சாயம் ஏற்றி சிடி யூரோகிராம் எடுத்தே ஆக வேண்டும்" என்றார். டிரெய்ட் உள்ள இளவயதினருக்கு அரிதாக ரீனல் மெடுல்லரி கார்சினோமா என்ற புற்றுநோய் வருகிறது. 1995-இல்தான் தனி நோயாக விவரிக்கப்பட்டது. ஏறக்குறைய எப்போதும் எஸ் ஹீமோகுளோபின் உள்ளவர்களுக்கே வருவது, அதிலும் டிரெய்ட் உள்ளவர்களே அதிகம். வலது பக்கத்தில்தான் கூடுதலாக வரும். கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் பரவியிருக்கும். வெகு சிலருக்கே வருவதுதான். ஆனாலும் முதல் முறை ரத்தம் வந்தவர் 'டிரெய்ட்தானே' என்று படம் எடுக்காமல் இருக்கவே கூடாது. என் படத்தில் புற்றுக்கட்டி இல்லை. இடது சிறுநீரகத்தின் ஒரு பாப்பில்லாவில் சிறு பள்ளம், அதில் சாயம் தேங்கியிருந்தது. செத்து உதிர்ந்த இடம்.

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஓய்வு, நிறையத் தண்ணீர், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாமல் இருப்பது. அவை மெடுல்லாவுக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைத்துவிடும். ஒன்பதாம் நாள் தானாக நின்றது. ஹீமோகுளோபின் 13.8-லிருந்து 12.4-க்கு இறங்கியது, ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. டிரானெக்ஸாமிக் அமிலம் கேட்டுப் பார்த்தேன். அது சிறுநீர்ப் பாதையிலேயே கட்டியை இறுகச் செய்து குழாயை அடைத்துவிடலாம் என்பதால், நிற்காவிட்டால் மட்டும் பார்க்கலாம் என்றார். முன்பெல்லாம் ரத்தம் நிற்காத சிறுநீரகத்தை எடுத்துவிடுவதும் உண்டு. மெடுல்லாவின் நிலை இரண்டு பக்கமும் ஒன்றுதான், மிஞ்சியதிலும் பிறகு ரத்தம் வரலாம். அதனால் இப்போது அதைக் கூடிய மட்டும் தவிர்க்கிறார்கள்.

நின்றபின் மூன்று நாள் காலை முதல் சிறுநீரை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன். தண்ணீரை 1 என்று வைத்தால் சிறுநீரின் ஒப்படர்த்தி 1.013, 1.012, 1.014. இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காத நல்ல சிறுநீரகம் 1.020-க்கு மேல் காட்டும். தம்பிக்கு எப்போது பார்த்தாலும் 1.010-ஐ ஒட்டித்தான். 'சிறுநீர் வெளிறி இருந்தால் உடம்பில் தண்ணீர் போதும்' என்ற கணக்கு இதனால்தான் எங்களுக்குப் பொருந்தாது. அவனுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தபோதும் சிறுநீர் தண்ணீராகவே போய்க்கொண்டிருந்தது, பார்த்தவர்கள் பரவாயில்லை என்றார்கள். மறுநாள் எலும்பு வலி தொடங்கிவிட்டது. அவனுக்கு அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி இருக்கச் சொன்னால் அந்நேரம் முழுக்கச் சிரை வழியே திரவம் ஏற்றச் சொல்லிக் கேட்கிறோம். தண்ணீர் கொடுக்காமல் வைத்துச் சோதிக்கும் பரிசோதனைக்கு நாங்கள் ஒப்புவதே இல்லை.

உங்கள் விஷயத்தில், டிரெய்ட் என்று எதை வைத்துச் சொன்னார்கள் என்று பாருங்கள். கரைதிறன் சோதனை மட்டும் என்றால் அது டிரெய்டையும் நோயையும் பிரித்துக் காட்டாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி அறிக்கையில் எஸ் பங்கு பாதிக்கு மேல் இருந்தால் அது டிரெய்ட் அல்ல. அந்த அறிக்கையையும் கையில் எடுத்துக்கொண்டு இந்த வாரமே சிறுநீரக மருத்துவரைப் பார்த்து, சிடி வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள். நாற்பதை நெருங்குபவரென்றால் சிறுநீர்ப்பையையும் உள்ளே பார்க்கச் சொல்வார்கள், மறுக்க வேண்டாம். அதற்குள் ரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீரே இறங்காமல் போனாலோ, விலாவில் பிடுங்கும் வலி வந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போனதும் முதல் வார்த்தையாக டிரெய்ட் இருப்பதைச் சொல்லுங்கள்.