விலை ஏறுகிறதே என்று மனை வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊருக்கு வெளியே உள்ள லே-அவுட்டில் 2021-ல் சதுர அடி 900 ரூபாய்க்குப் போன மனை இப்போது 2,500. என் மச்சான் இரண்டு வாங்கி, ஒன்றை விற்று லாபம் பார்த்துவிட்டார். வங்கி டெபாசிட் 20 லட்சத்தை எடுத்து, நகையை அடகு வைத்து 10 லட்சம் சேர்த்து, 1,200 சதுர அடி வாங்கிப் போடலாமா? வீடு கட்டும் எண்ணம் இல்லை.

பதில்: வேண்டாம். நகையை அடகுக்கடைக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தால் 2.7 லட்சம். டெபாசிட்டில் 7 சதவீதம் வந்துகொண்டிருந்தால் ஆண்டுக்கு 1.4 லட்சம் வட்டி நின்றுபோகும். நகைக்கடன் 10 சதவீதம் என்றால் இன்னொரு லட்சம். ஆக, ஓராண்டு கழித்துச் சதுர அடி 2,925-க்கு விற்றால்தான் போட்ட பணமே கைக்கு வரும். காலி மனை வாடகையும் தராது. உங்கள் லாபம் முழுக்க, அடுத்து ஒருவர் இன்னும் அதிக விலைக்கு வாங்குவதை நம்பியே இருக்கிறது.

அவரும் உங்களைப் போலவே, விலை ஏறுகிறது என்பதற்காக வருபவராக இருந்தால் அது ஆபத்து. விலை ஏறும்போது மனை வைத்திருப்பவர்கள் 'இன்னும் ஏறட்டும்' என்று விற்காமல் இருப்பார்கள். கைமாறும் நாலைந்து மனைகளின் விலையே எல்லா மனைக்கும் விலையாகிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் அந்த விலை நிற்காது.

1992-ல் ஏசிசி சிமென்ட் பங்குக்கு நடந்ததும் இதுதான். பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா வங்கிகளின் பணத்தைத் திருப்பிவிட்டு வாங்க, சுமார் 200 ரூபாயாக இருந்த பங்கு சில மாதங்களில் 9,000-ஐ நெருங்கியது. இதே ஆலைகளைப் புதிதாகக் கட்ட எவ்வளவு ஆகும் என்று பாருங்கள் என்று அதற்கு ஒரு நியாயமும் சொன்னார்கள். ஆலைகள் அதே ஆலைகள்தான். ஏப்ரலில் மோசடி வெளிவந்து அந்தப் பணம் நின்றதும் விலை சரிந்தது.

உங்கள் லே-அவுட்டிலும் வாங்குவது யார் என்பதைக் கண்டுபிடிக்க முடியும். நாலைந்து மனைகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதில் எழுதிய தொகையை அப்படியே நம்ப வேண்டாம், குறைத்துக் காட்டியிருப்பார்கள். எத்தனை முறை கைமாறியிருக்கிறது என்பதைப் பாருங்கள். பிறகு மாலையில் நேரில் போய், எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று கை மாறியும் வீடு எழும்பவில்லை என்றால், வாங்குபவர்கள் குடியிருக்க வருபவர்கள் அல்ல.

மச்சான் மீதமுள்ள மனையை இன்று விற்க முயன்றால், 2,500-ஐ ரொக்கமாகக் கொடுக்க ஆள் வருகிறதா என்றும் கேளுங்கள். புரோக்கர் சொல்லும் விலையைவிட அந்தப் பதிலை நான் நம்புவேன்.