டேட்டா இன்சைட்ஸ் நேரப் பிரச்சினை

"ஜிமேட் மாதிரித் தேர்வில் குவான்ட், வெர்பல் பரவாயில்லை. டேட்டா இன்சைட்ஸில் மட்டும் கடைசி நாலு கேள்வியைத் தொடாமலே நேரம் முடிந்துவிடுகிறது."

மூன்று பிரிவுக்கும் மொத்த மதிப்பெண்ணில் சம எடை என்பதால், பின்தங்கிய இதில்தான் கவனம் வேண்டும்; இப்போதைக்கு மற்ற இரண்டையும் வாரம் ஒருமுறை தொட்டால் போதும். விடையளிக்காத கேள்விக்குத் தண்டனை உண்டு, அதனால் தவறான பதிலைவிட வெற்றிடம் மோசம்.

45 நிமிடம், 20 கேள்வி. ஐந்து கேள்விக்கு 11 நிமிடம் என்று வையுங்கள். திரையில் மீதம் 34, 23, 12 என்று இருக்க வேண்டும். எனக்கும் இதே சிக்கல்தான். தோ பாயோ நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியின் நேரத்தையும் எழுதிப் பார்த்தேன். மல்டி சோர்ஸ் தொகுப்பு ஒன்றே 12 நிமிடம் தின்றிருந்தது! மூன்று தாவலையும் வரிவரியாகப் படித்ததுதான் காரணம். அப்புறம் எந்தத் தாவலில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டுக் கேள்விக்குப் போனேன், எட்டாகக் குறைந்தது.

தினமும் எம்ஆர்டியில் ஐந்து கேள்வி, 11 நிமிடம். மூன்று நிமிடம் தாண்டினால் ஊகித்து, குறியிட்டு நகருங்கள். முடிவில் மூன்று பதில்களைத்தான் மாற்ற முடியும், பார்த்துக் குறியிடுங்கள். டேட்டா சஃபிஷியன்சியில் விடை வரை கணக்குப் போடாதீர்கள், போதுமா என்று தெரிந்ததும் நிறுத்துங்கள்.