அப்பாவுக்கு வாடகை கொடுப்பதாகப் போடலாமா?

"சார், இந்த ஜூலையில் இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன், மாதம் 60,000. அதற்கு முன் ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னையில் மாதம் 35,000. இன்வெஸ்ட்மென்ட் டிக்ளரேஷனை வெள்ளிக்கிழமைக்குள் போடச் சொல்கிறார்கள். நான் இருப்பது திருமங்கலத்தில், அப்பா வீட்டில். பழைய வரி முறையை எடுத்து, அப்பாவுக்கு 15,000 வாடகை தருவதாகவும் 1,50,000க்கு எல்ஐசி கட்டுவதாகவும் போட்டால் பிடித்தமே வராது என்கிறான் நண்பன். போடலாமா?"

போடாதீங்க தம்பி. நண்பன் சொன்னபடி செய்தாலும் வரி பூஜ்யம்தான், ஆனால் ஒன்றுமே காட்டாமலும் உங்களுக்குப் பூஜ்யம்தான். பிறகு எதற்கு எல்ஐசி, எதற்குப் பொய் ரசீது?

2025-26க்கான கணக்கு இது. இரண்டு கம்பெனியும் சேர்த்து உங்கள் சம்பளம் 6,45,000. புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக 5,70,000. வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரைக்கும் 87ஏ தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. அதே சம்பளத்துக்குப் பழைய முறையில் நிலைக்கழிவு 50,000 மட்டும்தான், தள்ளுபடியும் 5 லட்சத்தோடு நின்றுவிடும். வேறெதுவும் காட்டாவிட்டால் 5,95,000க்கு செஸ்ஸோடு 32,760 வரி. அதாவது, நண்பன் சொல்கிற பழைய முறையே முதலில் வரியை உண்டாக்கி, அப்புறம் அதைக் குறைக்க உங்களை எல்ஐசி பக்கம் தள்ளுகிறது. போர்ட்டலில் 80சி, வாடகை என்று கட்டங்கள் நிறையத் திறப்பது பழைய முறையைத் தொட்டால்தான் என்பதால், அங்கேதான் சலுகை இருக்கிறது என்று புதிதாகச் சேருகிற பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள்.

அந்த வாடகை விஷயம். அப்பாவுக்கு வாடகை கொடுப்பது சட்டப்படி தப்பில்லை. ஆனால் பணம் மாதாமாதம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குப் போக வேண்டும், அவர் அதை வாடகை வருமானமாகத் தன் ரிட்டர்னில் காட்ட வேண்டும், வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் அவருடைய பான் எண்ணையும் நீங்கள் கொடுக்க வேண்டும். வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிற பணம் வாடகை ஆகாது. கொடுக்காத வாடகையைக் காட்டிப் பிடிபட்டால், குறைத்த வரிமேல் 200 சதவீதம் வரை அபராதம் விழலாம். துறை கேட்பதற்கு முன்னாலேயே ஜனவரி வாக்கில் உங்கள் கம்பெனி ஆதாரம் கேட்கும். அப்போது ஆதாரம் காட்டாததற்கெல்லாம் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் மொத்தமாக வெட்டுவார்கள்.

பழைய முறை யாருக்கு என்றால், சம்பளம் 12,75,000ஐ நன்றாகத் தாண்டி, உண்மையான பெரிய வாடகை, வீட்டுக் கடன் வட்டி, 80சி எல்லாம் கைவசம் இருப்பவர்களில் சிலருக்கு. அவர்களும் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தச் சென்னைச் சம்பளம். அதைப் படிவம் 12பி வழியாகப் புதுக் கம்பெனிக்குச் சொல்லுங்கள். போர்ட்டலில் முந்தைய நிறுவன வருமானம் என்று ஒரு கட்டம் இருக்கும். உங்கள் தொகைக்கு அதனால் வரி வராது. ஆனால் இப்படி ஒருவரை நினைத்துப் பாருங்கள்: ஆறு மாதம் 90,000, அடுத்த ஆறு மாதம் வேறு கம்பெனியில் 1,40,000. பழைய கம்பெனி வருடத்துக்கு 10,80,000 என்று எடுத்துக்கொண்டு பிடித்தம் செய்யவில்லை. புதுக் கம்பெனிக்குத் தன்னுடைய 8,40,000 மட்டுமே தெரியும், அதுவும் பிடிக்கவில்லை. மாதாமாதம் முழுச் சம்பளம் கையில், சந்தோஷம். ஆனால் மொத்தம் 13,80,000. நிலைக்கழிவு போக 13,05,000. தள்ளுபடி போய்விட்டது, செஸ்ஸோடு வரி 78,780. ரிட்டர்ன் போட உட்காரும்போதுதான் இது தெரியும், வரியை முன்கூட்டியே கட்டாததற்கான 234பி, 234சி வட்டியும் சேர்ந்துகொள்ளும். அவருக்குப் பிடித்தம்தான் குறைந்தது, வரி குறையவில்லை. அக்டோபரிலேயே சொல்லியிருந்தால் ஆறு சம்பளத்தில் பிரித்துப் பிடித்திருப்பார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் புதிய முறையைத் தேர்ந்தெடுங்கள், சென்னைச் சம்பளம் 1,05,000 என்று எழுதுங்கள், முதலீட்டுக் கட்டங்கள் எதுவும் தெரிந்தாலும் காலியாக விடுங்கள், சமர்ப்பித்த பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சம்பளச் சீட்டில் டிடிஎஸ் என்ற இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். ஏதாவது தொகை இருந்தால் அன்றைக்கே சம்பளப் பிரிவுக்கு மெயில் போடுங்கள், மீதி மாதங்களில் அவர்கள் சரிக்கட்டலாம். முடியாது என்றாலும் பணம் எங்கும் போய்விடாது. கம்பெனியிடம் நீங்கள் சொன்ன முறை பிடித்தத்துக்கு மட்டும்தான், ரிட்டர்னில் புதிய முறையிலேயே கணக்குக் காட்டி, பிடித்ததை ரீஃபண்டாக வாங்கிக்கொள்ளலாம்.