‘எல்லா வயதினரும் வரலாம்’ என்று அச்சடித்துவிட்டால்…

கேள்வி: வணக்கம் சார். பாளையங்கோட்டையில் சின்னதாக டிராவல்ஸ் நடத்துகிறேன். நவதிருப்பதியும் திருக்குறுங்குடி ஐந்து நம்பி தரிசனமும் சேர்த்து இரண்டு நாள் பேக்கேஜ், தலைக்கு ₹2,400. நோட்டீஸில் ‘எல்லா வயதினருக்கும் ஏற்ற பயணம், மலைக்கு ஜீப் வசதி உண்டு’ என்று போட்டிருந்தோம். அன்றைக்கு ஜீப் கிடைக்கவில்லை. எல்லாரும் நடந்தே மலை நம்பிக்கு ஏறினோம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இறங்கும்போது 71 வயது அம்மா ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவு ₹68,000. கோயம்புத்தூரில் இருக்கிற மகன் ₹5 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே முட்டிவலி இருந்ததை எங்களிடம் சொல்லவே இல்லை. புக்கிங் சமயத்தில் மகன் வாட்ஸ்அப்பில் வயதைச் சொல்லிக் கேட்டார், எங்கள் ஆபீஸ் பெண் ‘தாராளமா கூட்டிட்டு வாங்க சார்’ என்று மட்டும்தான் பதில் போட்டது. பஸ்ஸில் ‘சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’ என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம். பில்லுக்குப் பின்னால் இங்கிலீஷில் கண்டிஷன் எல்லாம் இருக்கிறது. மற்ற 26 பேரும் நல்லபடியாக ஏறி இறங்கினார்கள். அந்த மகன் குரூப்பில் என்னைத் திருடன் என்று எழுதிவிட்டார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் வழக்கைத் தீர்மானிக்கப்போவது ‘தாராளமா கூட்டிட்டு வாங்க சார்’ என்ற அந்த ஒற்றை வரிதான். குரூப்பில் எழுதியதை விடுங்கள். மற்ற 26 பேரும் நன்றாக ஏறி இறங்கியது உங்களுக்குப் பெரிதாக உதவாது. நுகர்வோர் ஆணையம் பார்க்கப்போவது இதைத்தான்: 71 வயது என்று தெரிந்தபின் நீங்கள் என்ன சொன்னீர்கள், மலையில் நடந்தது அதோடு ஒத்துப்போனதா. ஒத்துப்போகவில்லை. நோட்டீஸில் இருந்தது பொதுவான வாக்கு. உங்கள் அலுவலகம் அதையே ஒருவருக்கென்று, அவர் வயதை வைத்து, உறுதி செய்துவிட்டது. ஜீப் இல்லாதபோது அந்த உறுதி பொய்த்துப்போயிற்று.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் தவறான விளம்பரம் என்பதற்கான விளக்கத்தில், சேவையைப் பொய்யாக விவரிப்பதோடு முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேர்கிறது. ‘ஜீப் வசதி உண்டு’ என்று போட்டவர், ஜீப் இல்லாவிட்டால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று போடவில்லை. காட்டுப் பாதை வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஜீப் ஓட்டுபவர்கள் வேறு ஆட்கள், அது உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் முன்பே தெரியும் என்பதுதான் சிக்கல். கையில் இல்லாததை உண்டு என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

இனி, உங்கள் நிலையில் இருப்பவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று சொல்கிறேன்.

முதல் குழி பதில் நோட்டீஸ். கோபத்தில் எல்லோரும் வக்கீலிடம் இப்படி எழுதச் சொல்வார்கள்: ‘71 வயதில், முட்டிவலியோடு, மலை ஏறியது அவர் தவறு.’ இந்த வாக்கியத்தை எதிர்த்தரப்பு வக்கீலின் கண்ணால் படித்துப் பாருங்கள். 71 வயதுக்கு அந்த மலை ஏற்றதில்லை என்று நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டாயிற்று. அப்படியானால் ‘எல்லா வயதினருக்கும்’ என்ற விளம்பரம் பொய் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். முட்டிவலியைச் சொல்லவில்லை என்ற வாதமும் இதே இடத்தில்தான் அடிபடும். நீங்கள் கேட்டீர்களா? அவர்கள் கேட்டார்கள், ‘தாராளமா’ என்று பதில் வந்தது. அதற்குமேல் உடல்நிலையை விவரிக்க அவர்களுக்கு என்ன காரணம்? பதில் நோட்டீஸில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, பேசித் தீர்க்கத் தயார் என்று எழுதினால் போதும். அந்த அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

பஸ்ஸில் வாங்கிய கையெழுத்தை நம்பாதீர்கள். பணம் வாங்கி, சீட்டை உறுதி செய்தபோதே ஒப்பந்தம் முடிவாகிவிட்டது. விடியற்காலை பஸ் கிளம்பிய பிறகு, திரும்பிப் போக வழியில்லாத இடத்தில், ஒரு தாளை நீட்டிப் போடச் சொன்ன கையெழுத்து அந்த ஒப்பந்தத்தை மாற்றாது. பில்லின் பின்பக்கத்து இங்கிலீஷும் இப்படித்தான். 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. பொறுப்புத் துறப்பு வரி, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். விளம்பரத்தின் முக்கிய வாக்கை அது விளக்கலாம், மறுத்துப் பேசக் கூடாது. தமிழில் ‘எல்லா வயதினரும்’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, வேறு மொழியில் சின்ன எழுத்தில் ‘இல்லை’ என்று சொன்னால் அது எடுபடாது.

இரண்டாவது, வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்ததும் பலர் செய்கிற காரியம்: பழைய நோட்டீஸை முகநூலிலிருந்து எடுத்துவிடுவது, அந்த வாட்ஸ்அப் பதிலை ‘எல்லாருக்கும் அழி’ என்று அழிக்கப் பார்ப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். அது அவர்கள் போனில் பத்து நாள் முன்பே ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு அதை அவர்கள் தாக்கல் செய்வார்கள். அழித்தவர் என்ற பெயர் வந்துவிட்டால், நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். பழையதைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்த பயணத்துக்கு மட்டும் புதிதாக அச்சடியுங்கள்.

மூன்றாவது குழிதான் ஆழம். மகன் வழக்கை நெல்லையில் போட வேண்டிய அவசியம் இல்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், அதாவது கோயம்புத்தூரில். புகார்க் கட்டணத்தை, கேட்கிற இழப்பீட்டை வைத்துப் போடுவதில்லை, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான். ₹5 லட்சம் வரை கொடுத்திருந்தால் கட்டணமே இல்லை. அவர் சில ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு ₹5 லட்சம் கேட்டாலும் அவருக்குச் செலவில்லை. ஆணையத்தின் நோட்டீஸ் புகார் நகலோடு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் உங்கள் பதிலுரை போய்ச் சேர வேண்டும். ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள், அதோடு கதவு மூடிவிடும். 46ஆம் நாள் எந்தக் காரணத்தோடு போனாலும் ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் சொல்லிவிட்டது. பலரும் ‘முதல் வாய்தாவுக்குப் போய் வக்காலத்து போட்டால் போதும்’ என்று இருந்துவிடுகிறார்கள். வாய்தா தேதி 60ஆம் நாளில் விழும், அன்றைக்குக் கையில் பதில் இருக்கும், வாங்க ஆள் இருக்காது. அதன்பின் அவர்கள் சொல்வதுதான் பதிவில் நிற்கும். தீர்ப்பு எதிராக வந்தால், மேல்முறையீட்டுக்குத் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிய பிறகே உள்ளே போக முடியும்.

ஆகவே நேரடியாகச் சொல்கிறேன், பேசி முடியுங்கள். ஆஸ்பத்திரி பில் ₹68,000, அம்மா, மகன் இருவர் பயணக் கட்டணம் ₹4,800, துணைக்கு இருந்தவர் செலவு, போக்குவரத்து என்று கணக்குப் போட்டு ₹1 லட்சத்தை ஒட்டி நில்லுங்கள். ₹5 லட்சம் கிடைப்பது கடினம் என்று அவர் வக்கீலுக்கும் தெரியும். கோயம்புத்தூருக்கு ஐந்தாறு முறை போய்வர உங்களுக்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் பணத்தை மகன் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டியவர் மகன், சேவையைப் பெற்றவர் அம்மா, சட்டத்தின் பார்வையில் இருவருமே நுகர்வோர். மகனோடு முடித்தபின்னும், விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை அம்மா தனியாகப் புகார் கொடுக்கலாம். முழு, இறுதித் தீர்வு என்று தமிழில் எழுதி, அதில் அந்த அம்மாவே கையெழுத்திட வேண்டும். மணிக்கட்டு உடைந்திருப்பதால் கையெழுத்து மாறியிருக்கலாம், கைரேகையும் இரண்டு சாட்சியும் வாங்குங்கள். பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும்.

அடுத்த நோட்டீஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வரும் புரட்டாசிக்கு இதே பேக்கேஜை நீங்கள் போடத்தான் போகிறீர்கள். வயதானவர்கள் ஏன் ஏறுகிறார்கள் என்று யோசியுங்கள். நீங்கள் ‘ஐந்து நம்பி’ என்று போட்டுவிட்டீர்கள். நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி மூவரும் ஊர்க் கோயிலிலேயே இருக்கிறார்கள், திருப்பாற்கடல் நம்பியும் கீழேதான். மலை நம்பி ஒருவருக்காகத்தான் அந்த ஏற்றம். நாலு பேரைப் பார்த்துவிட்டு ஐந்தாமவரை விட மனசு வராது, முட்டி வலித்தாலும் ஏறுவார்கள். அதனால் அந்த ஏற்றத்தைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு மாதிரி:

‘இரண்டாம் நாள் காலை: திருக்குறுங்குடி ஊர்க் கோயில், திருப்பாற்கடல் நம்பி. சமதரை, அனைவரும் வரலாம். அதன்பின் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் மலை நம்பி. வனத்துறை அனுமதியும் ஜீப்பும் கிடைத்தால் ஜீப்பில் போய், மீதியை நடந்து ஏற வேண்டும். ஜீப் கிடைப்பது எங்கள் பொறுப்பில் இல்லை. கிடைக்காவிட்டால் சோதனைச் சாவடியிலிருந்து கல்லும் வேருமான பாதையில், வயதானவர் நடையில் ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கைப்பிடி பிடிக்காமல், நிற்காமல் இரண்டு மாடிப் படி ஏறி இறங்க முடியாதவர்கள் வர வேண்டாம். ஏறாதவர்களுக்கு ஊர்க் கோயிலில் எங்கள் ஆள் ஒருவர் துணை இருப்பார், தலைக்கு ₹300 திருப்பித் தரப்படும்.’

நேரத்தை உங்கள் டிரைவர் பையன் ஏறும் வேகத்தில் எழுதாதீர்கள். அறுபது தாண்டிய ஒருவரைக் கூட்டிப்போய் அளந்து எழுதுங்கள். வயதை எண்ணாகப் போடவும் வேண்டாம். 75 வயதில் ஓடி ஏறுபவரும் உண்டு, 50இல் மூச்சு வாங்குபவரும் உண்டு. என்ன செய்ய முடிய வேண்டும் என்று சொன்னால் வீட்டில் இருப்பவரே முடிவெடுக்க முடியும்.

நவதிருப்பதி நாளும் நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை. ஏற்றம் இல்லை, ஆனால் ஒன்பது பெருமாளுக்கும் பஸ்ஸில் ஏறி இறங்க வேண்டும். வெயில் நேரத்தில் வெறுங்காலோடு கல்தளம் சுடும், உச்சிக்கு நடை சாத்தினால் திறக்கும் வரை எங்கே உட்காருவது என்று இருக்கும். பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம், மதியம் எந்த மண்டபத்தில் எத்தனை மணி நேரம் என்பதையும் நோட்டீஸில் எழுதுங்கள்.

உங்கள் அலுவலகப் பெண்ணுக்கும் இதே நோட்டீஸ்தான் பதில். வயதைச் சொல்லிக் கேட்பவர்களுக்கு அந்த மலை நம்பிப் பத்தியை அப்படியே அனுப்பி, ‘படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்’ என்று எழுதச் சொல்லுங்கள். பணம் வாங்குவது அந்த முடிவு வந்த பிறகு. இப்போதைக்கு, வக்கீல் நோட்டீஸ் வந்த கவரை எடுத்து, அது கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி, இந்த வாரமே உங்கள் வக்கீலிடம் கொடுங்கள்.