சிறு பைகள் பற்றிய உங்கள் கடிதங்கள்

காத்தான்குடி வாசகி: கஜு பக்கற்றுக்குள் இருந்த சிறு பை கிழிந்து கறுப்புத் தூள் கொட்டிவிட்டது. தட்டிவிட்டு உண்ணலாமா?

வேண்டாம், கொட்டிவிடுங்கள். அது ஒட்சிசன் உறிஞ்சி. உள்ளே இரும்புத் தூளும் உப்பும் கரியும் இருக்கும்.

கல்முனை வாசகர்: என் 2 வயது மகன் அந்தக் கறுப்புத் தூளைத் தின்றுவிட்டான். பயப்பட வேண்டுமா?

எவ்வளவு தின்றான், எப்போது தின்றான் என்று ஒரு சொல் இல்லை. இது கடிதம் எழுதிக் காத்திருக்கும் விடயமா? உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்திருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் இரும்பைத் தாண்டினால் ஆபத்து என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. 10 கிலோ பிள்ளைக்கு அது 600 மில்லிகிராம். ஒரு பையில் ஒரு கிராம் இரும்பு இருந்தாலே எல்லை தாண்டிவிடும். இரும்புச்சத்து மாத்திரையைப் போல இந்தத் தூள் எளிதில் உடலில் சேராது என்பது ஆறுதல். ஆனால் வாந்தி, வயிற்றுவலி, இரத்தம் கலந்த மலம் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். வெற்றுப் பையையும் கையோடு கொண்டுபோங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: சிலிக்கா ஜெல் விஷமில்லை என்கிறார்களே, பிறகு ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

இதே கேள்வி மாதந்தோறும் வருகிறது. சாதாரண வெள்ளை மணிகள் விஷமில்லை, உண்மைதான். ஆனால் சிறு பிள்ளையின் தொண்டையில் அந்தப் பை அடைத்தால் மூச்சு நின்றுவிடும். நீல மணிகளில் பெரும்பாலும் கோபால்ட் குளோரைட் இருக்கும், அது நஞ்சு.

எனக்கு ஆற்றாமை வேறு. பைக்குள் பை கண்டாலே சிலிக்கா ஜெல் என்று முடிவுகட்டிவிடுகிறீர்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் அரிசிப் பிஸ்கட்டிலும் கடற்பாசித் தாளிலும் பல வேளைகளில் இருப்பது சுட்ட சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். தண்ணீர் பட்டதும் அது கொதித்துப் பொங்கும். அதே கொதிப்பு பிள்ளையின் வாயில் எச்சிலோடு நடக்கும். வாயும் தொண்டையும் வெந்துவிடும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

வாயில் பட்டால் தூளைத் துணியால் துடைத்தெடுத்துவிட்டு நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஒட்டிய தூளை அகற்றி, குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். உப்புத்தண்ணீர் கொடுத்தோ விரல்விட்டோ வாந்தி எடுக்கவைக்காதீர்கள். முன்பும் எழுதினேன், இன்னும் எழுதுவேன். இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும்.

பொத்துவில் வாசகி: பிரிக்காமலே எந்தப் பை என்று அறிய வழி உண்டா?

குளிர்சாதனப் பெட்டியின் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அநேகமாக இரும்பு. உள்ளே மணிகள் உருண்டால் அநேகமாக சிலிக்கா ஜெல். காந்தம் ஒட்டாமல், மணிகளும் உருளாமல் இருந்தால் சுண்ணாம்பு என்றே கொள்ளுங்கள். நனைத்துப் பார்க்காதீர்கள்.

ஆரையம்பதி வாசகி: பையை வெயிலில் காயவைத்து முறுக்கு டப்பாவில் போடலாமா?

கூடாது. கல்லாக இறுகிய ஒட்சிசன் உறிஞ்சி எந்த வெயிலிலும் திரும்ப உயிர்பெறாது. முறுக்கை நன்றாக ஆறவிட்டு இறுக்கமான மூடி போட்டாலே போதும்.